அனுப்பிப்போடுங்க: ஒரு சொல்லின் மேல் நடந்த விசாரணை

என் வேலையைக் காவு வாங்கப் பார்த்தது ஒரே ஒரு சொல். 'அனுப்பிப்போடுங்க.' அதை நான்தான் அடித்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தக் கேள்விக்குப் பதிலாக அடித்தேன் என்பதில்தான் எல்லாமே கிடந்தது.

கருமத்தம்பட்டியைத் தாண்டி உள்ளே போனால் வரும் நூற்பாலை ஒன்றில் நான் தரப்பிரிவு உதவியாளர். டெக்ஸ்டைல் படித்த கையோடு உள்ளே வந்தவள். எதையும் உடனே முடித்துவிட வேண்டும் எனக்கு. மெஷின் சத்தத்துக்கு ஈடாகப் பேசுவேன், நடக்க வேண்டிய இடத்தில் ஓடுவேன். பதில் அடிப்பதும் அப்படித்தான். கேள்வியை முழுதாகப் படித்து முடிக்கும் முன்பே கட்டைவிரல் வேலையைத் தொடங்கிவிடும்.

மில்லுக்குள் யாரும் சொந்த போன் கொண்டு போகக் கூடாது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொது போன் உண்டு. எங்கள் தரப்பிரிவு லேபில் ஒன்று, பேக்கிங்கில் ஒன்று, மார்க்கெட்டிங்கில் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. லேப் போனை ஷிப்டுக்கு ஷிப்டு யார் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்துப் பேசுவோம். ஆனால் ஃபேக்டரி மேனேஜர் தன் போனில் அந்த எண்ணை 'லேப் பொண்ணு' என்று பதிந்து வைத்திருந்தார். இது எனக்கு அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

காகிதத்துக்கு வருகிறேன். நாங்கள் அனுப்பிய ஒரு லாட் நூல் திருப்பூரில் துணியாகி, சாயத்தில் மூழ்கி எழுந்தபோது, துணி முழுக்கக் கோடு கோடாக இருந்தது. வேறு பஞ்சில் ஓடிய நூல் சுற்றிய கோன்கள் சில உள்ளே கலந்திருக்கின்றன. வெறும் கண்ணுக்கு இது தெரியாது. அதற்காகத்தான் பேக்கிங்குக்குப் பக்கத்தில் ஓர் இருட்டறை வைத்திருக்கிறோம். புற ஊதா, அதாவது யுவி விளக்கின் அடியில் கோன்களை உருட்டினால் வேறு பஞ்சு வேறு மாதிரி மின்னும், பிடித்து வெளியே போட்டுவிடலாம். அந்த லாட் மட்டும் யுவி அறைக்குள் போகாமலே லாரி ஏறியிருந்தது.

என்னைப் பணியாளர் பிரிவுக்குக் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார்கள். பணியிடை நீக்கம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை. கூடவே குழுவின் உரையாடலிலிருந்து எடுத்த ஒரு பக்கம். அதில் இரண்டு வரிகளுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள்.

பேக்கிங்: லாரி நிக்குது. யுவி பாக்காம அனுப்பிடலாமுங்களா

லேப் பொண்ணு: அனுப்பிப்போடுங்க

இரண்டு முறை படித்தேன். கேள்வியும் நெற்றியில் அடித்தாற்போல, பதிலும் நெற்றியில் அடித்தாற்போல. அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன் என்று மனம் கத்தியது. அதே மனம், அடித்தது நீதானே என்றும் கேட்டது. நானே அந்தப் பக்கத்தை எங்காவது பார்த்திருந்தால், இந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பேன்.

எங்கள் பக்கத்து மில்களில் ஓர் இடத்தில் வேலை போனால் அடுத்த மில்லின் வாசலை மிதிக்கும் முன்பே காரணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். வேலை தெரியாதவள் என்றால்கூடப் பரவாயில்லை, கற்றுக்கொள்வாள் என்று எடுப்பார்கள். தெரிந்தே கலப்பட நூலை விட்டவள் என்ற பெயரோடு எந்த லேபிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, செஞ்சியா செய்யலியா? அத மட்டுஞ் சொல்லு" என்றாள். "செய்யலம்மா. ஆனா எழுதியிருக்கறன்" என்றேன். "அதென்ன பேச்சு?" என்று விழித்தாள். அவளுக்கே புரியவைக்க முடியவில்லை என்றால் விசாரணை அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது?

உள் விசாரணையில் துணைக்கு ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ளலாம். நான் எங்கள் எலக்ட்ரிகல் பிரிவு அண்ணனைக் கேட்டேன். உக்கடத்துக்காரர். வாயைத் திறந்தால் கேலிதான், ஆனால் மேனேஜரைப் பார்த்து மிரளாத ஒரே ஆள். அவிநாசி ரோட்டுப் பேக்கரி ஒன்றில் உட்கார்ந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"போன் யாரோடது?"

"லேபோடது."

"லேபுல எத்தன பேரு?"

"ஆறேழு பேரு."

"அப்பறம் என்னம்மா? நா அடிக்கலைன்னு சொல்லிடு. கைரேகையா எடுக்கப்போறான்? 'லேப் பொண்ணு'ன்னு பேரு போட்டது மேனேஜரு. நாளைக்கு அவரு 'திருப்பூர் கலெக்டர்'னு சேவ் பண்ணிவெச்சா, கலெக்டரா வந்து நூல் அனுப்புனாரு?"

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்திலேயே பயம் திரும்பி வந்தது. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த எண்ணிலிருந்து செய்தி போனது என்று காட்டலாம், என் விரலிலிருந்து போனது என்று அந்தக் காகிதம் காட்டாது. ஒரு பொய் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் நான் அடிக்கவில்லை என்றால் அன்று ஷிப்டில் என்னோடு இருந்த இன்னொருத்தியின் பக்கம் விரல் திரும்பும். அவள் கைக்குழந்தைக்காரி.

"அடிச்சது நாந்தாண்ணா. அத மாத்த முடியாது."

"சரி, அப்ப எதுக்கு அடிச்ச?"

யோசித்தேன். அன்று மார்க்கெட்டிங்கில் இருந்து யாரோ ஒரு ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்ட ஞாபகம் புகையாக வந்தது. செய்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பதில் போடுவோமே, அப்படி இழுத்த ஞாபகமும் வந்தது. அப்படிப் போட்டால் எந்தக் கேள்விக்கு என்று பதிலின் தலையில் ஒரு சின்னப் பெட்டியாகக் காட்டும். காகிதத்தில் அந்தப் பெட்டி எங்கே?

"அண்ணா, உங்க போனக் குடுங்க."

இரண்டு போன்களுக்கும் நடுவில் ஒரு குழு தொடங்கினேன். அவரை வரிசையாகக் கேள்வி கேட்கச் சொன்னேன். 'பன் சாப்புடறயா', 'டீ ஆறிப்போச்சா', 'பேக்கரியக் கொளுத்திடலாமா' என்று அடித்தார். நான் முதல் கேள்வியை இழுத்து 'சரிங்க' என்று பதில் போட்டேன். பிறகு அந்த உரையாடலை அப்படியே கோப்பாக ஏற்றுமதி செய்து திறந்து பார்த்தோம்.

பேக்கரியக் கொளுத்திடலாமா. அடுத்த வரி, சரிங்க.

பெட்டி இல்லை. எதற்குப் பதில் என்ற குறிப்பே இல்லை. கோப்பாக மாற்றும்போது வெறும் நேரம், பெயர், எழுத்து இவ்வளவுதான் மிஞ்சுகிறது. பதில் தன் கேள்வியை விட்டுப் பிரிந்து, தனக்கு மேலே எது நிற்கிறதோ அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது.

அண்ணன் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவாப் பேசு. உள்ள தூக்கி வெச்சுருவாங்க."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்! அடுத்த நொடியே ஓட்டையும் தெரிந்தது. பெட்டி இருந்திருக்கலாம் என்றுதான் இது காட்டுகிறது. இருந்தது என்று காட்டவில்லையே. இழுக்காமல் அப்படியே அடித்திருந்தால்? அவசரத்தில் தவறான செய்தியை இழுத்திருந்தால்? என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? குழு இருந்த பிரிவுப் போன்கள் எல்லாவற்றையுமே அதற்குள் புதிதாக மாற்றிவிட்டார்கள், பழையவை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைப் பார்க்க ஒரே வழி, என்மேல் குற்றம் சாட்டிய மேனேஜரின் போன்.

விசாரணை மில்லின் மீட்டிங் அறையில் நடந்தது. சுவரோரம் கேடயங்கள், கண்ணாடிப் பெட்டியில் மாதிரிக் கோன்கள். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வக்கீல், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். நிர்வாகத் தரப்பை எடுத்து வைத்தவர் பணியாளர் பிரிவு அதிகாரி, தஞ்சாவூர்க்காரர். ஏசி காற்று நேராக என் கழுத்தில் விழுந்தது. நாற்காலியை நகர்த்தக் கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் பேக்கிங் மேற்பார்வையாளரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் அவர் பேக்கிங் அண்ணன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்த நூல் என்று காட்டும் கோன் நுனியின் வண்ணங்களைத் தப்பாகப் படித்தபோது ஊரைக் கூட்டாமல் என் காதில் மட்டும் சொன்னவர். இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யுவி அறையில லைட்டு டியூப்பு போயிருந்துச்சுங்க. லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே நின்னானுங்க. குரூப்புல கேட்டேனுங்க. அனுப்பிப்போடுங்கன்னு வந்துச்சுங்க. ஏத்திப்போட்டேனுங்க."

அவரைக் கேள்வி கேட்கும் முறை எனக்கு வந்தது. 

"அண்ணா, அந்தப் பதில நீங்க பாக்கறப்ப அதுக்கு மேல ஒரு சின்னப் பொட்டி இருந்துச்சுங்களா?"

"பொட்டியா? பொட்டியெல்லாம் லாரியில ஏத்திப்போட்டேனே கண்ணு. ஒண்ணு கூட விடுபடலியே."

வக்கீல் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எலக்ட்ரிகல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பேக்கிங் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பயந்துபோய் ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் திரும்பவும் கேட்டேன், போனில் வரும் பெட்டி என்று விளக்கி. அவர் இப்படிச் சொன்னார். "கோடவுனுக்குள்ள டவரு சரியா வராதுங்க. எல்லாம் மொத்தமா வந்து உழுகும். பதிலத்தான் பாத்தேன். பொட்டிய நாம் பாக்கலீங்க."

பார்க்கவில்லை என்றுதான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. நான் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அடுத்து மேனேஜர். அந்தப் பக்கத்தை அவர்தான் தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னார். பணியாளர் பிரிவு அதிகாரி அதை வேர்டில் ஒட்டி, தமிழ் எழுத்துக்கு மாற்றி அச்சிட்டதாகவும் அப்போதுதான் தெரிந்தது. குழுவில் நாங்கள் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிப்போம்.

"இதில் என்ன ஐயம் இருக்கிறது?" என்றார் தஞ்சாவூர்க்காரர். "'அனுப்பி, போடுங்க' என்று தெளிவாக இருக்கிறது. லாரியில் போடுங்கள் என்றுதானே பொருள்?"

வக்கீல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க எந்த ஊருங்க?"

"தஞ்சாவூர் பக்கம்."

"அதானுங்க. இங்க நாங்க சாப்ட்டுப்போட்டுத்தான் வருவோம், தூங்கிப்போட்டுத்தான் எந்திரிப்போம். எதையும் எங்கயும் எடுத்துப் போட மாட்டமுங்க." பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஆனா அம்மணி, அனுப்புங்கன்னு அர்த்தம் இருக்குதல்ல. எதை அனுப்பன்னு நீதான் சொல்லோணும்."

மார்க்கெட்டிங் கேட்ட ரிப்போர்ட்டை என்றேன். மேனேஜர் பலமாகச் சிரித்தார். "இப்ப எதுன்னாலும் சொல்லலாம் பாப்பா. பதில் எதுக்குக் கீழ இருக்குது? அதப் பாரு."

பேக்கரியில் எடுத்த கோப்பை எலக்ட்ரிகல் அண்ணன் மேசையில் வைத்தார். வக்கீல் படித்தார். பேக்கரியைக் கொளுத்தும் இடம் வந்ததும் புருவம் உயர்ந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல வேகமாகத்தான் வந்தது. "மெதுவா, மெதுவா, அடிக்கறவருக்கு ரெண்டே ரெண்டு கைதான்" என்று வக்கீல் மேசையோரம் இருந்த தட்டச்சரைக் காட்டினார். முழு உரையாடலும் வேண்டும், அதை எடுத்த போனையும் காட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"இதெல்லாம் கோர்ட்டாங்க?" என்றார் மேனேஜர்.

"கோர்ட்டில்லீங்க. கோர்ட்டுன்னா இந்த அச்சுக்கு, எந்த போன்ல இருந்து எப்படி எடுத்தோம்னு ஒரு சான்றிதழே கேப்பாங்க. இங்க அவ்வளவு கறார் இல்ல. ஆனா ஒரு புள்ளையோட வேலை போற விசயம். அசலைக் காட்டச் சொன்னா காட்டறதுதானுங்க நியாயம். போன் எங்கீங்க?"

"ரூம்ல சார்ஜுல இருக்குது. எடுத்துட்டு வாரேன்."

அவர் எழுந்தார். அந்த அறைக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு செய்தியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அழிப்பார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அழித்தால், அழித்தார் என்று காட்டவும் இல்லை. என்மேல் வந்த அதே மாதிரிச் சந்தேகம் இப்போது என்னிடமிருந்து அவர்மேல் போனது. 

"நீங்க உக்காருங்க. ஆபீஸ் அட்டெண்டர் எடுத்துட்டு வரட்டும்" என்றார் வக்கீல், தண்ணீர் கேட்பவர் போல.

போன் வந்தது. மேனேஜர் பூட்டைத் திறந்து வக்கீல் கையில் கொடுத்தார். அவர் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். காலை வணக்கப் பூக்கள், மெஷின் படங்கள், யாருக்கோ பிறந்தநாள் கேக். ஒவ்வொன்றையும் நின்று பார்க்கும் ஆள் அவர்.  பெட்டி இல்லாவிட்டால்? பெட்டி இருந்து, அதற்குள் பேக்கிங் அண்ணனின் கேள்வியே இருந்தால்? அப்படி இருந்தால் நானே அல்லவா கேட்டு வாங்கி என் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்?

விரல் நின்றது. வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு தட்டச்சரைப் பார்த்து உரக்கச் சொன்னார். "எழுதிக்குங்க. 'அனுப்பிப்போடுங்க' என்ற பதிலின் மேல் மேற்கோளாகக் காணப்படுவது, மார்க்கெட்டிங் என்ற பெயரில் வந்த செய்தி. 'டெஸ்ட் ரிப்போர்ட்ட பார்ட்டிக்கு மெயில்ல அனுப்பிடலாமா.' அசல் செய்தி இதற்கு வெகு மேலே இருக்கிறது. நிர்வாகம் கொடுத்த பக்கத்தில் அந்தப் பகுதி இல்லை."

எலக்ட்ரிகல் அண்ணன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளும் முன்பே வக்கீல் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டார்.

"அப்ப பேக்கிங்ல கேட்ட கேள்விக்கு நீ என்ன பதில் சொன்னே?"

உண்மை ஒன்றுதான் இருந்தது. "எதுவுஞ் சொல்லலீங்க. அந்தக் கேள்வி வந்ததையே நாம் பாக்கலீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் பேக்கிங் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாக அவருடைய நரைத்த பிடரி தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. டவர் இல்லாத கோடவுனில் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தபோது, தன் கேள்விக்கு அடியில் ஒரு பதிலைப் பார்த்தார், நம்பினார். கோப்பு செய்த அதே தவறைத்தான் அவருடைய கண்ணும் செய்தது. என்னைக் காப்பாற்றிய பெட்டி, அவருக்கு யாரும் அனுமதி தரவில்லை என்று ஆக்கிவிட்டது.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. நான் லேபுக்குத் திரும்பினேன். அம்மா கோயிலுக்குப் போனாள். மேனேஜர், "என்ன பாப்பா, பெரிய வக்கீலாயிட்ட" என்றதோடு சரி. லேப் எண்ணின் பெயரை அவர் மாற்றினாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் பழைய வேகம் எனக்கு வரவில்லை. போன் சிணுங்கினால் நெஞ்சு சிணுங்குகிறது. அம்மாவுக்கு 'முடிச்சுப்போட்டேன்' என்று அனுப்பிவிட்டு, இதை நாளைக்கு யாராவது அச்சிட்டால் எதை முடித்ததாக ஆகும் என்று யோசித்து, 'சாப்பாட்டை' என்று இன்னொன்று அனுப்புகிறேன். "லூசாடி நீ" என்று பதில் வருகிறது.

திரும்பி வந்த வாரத்திலேயே ஒரு மதியம் பேக்கிங் அண்ணன் லேப் கதவில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார். லேபுக்கு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கையில் உறை. பிரிக்காமலே எனக்குத் தெரிந்தது. அவர் பிரித்துக் காட்டினார், உள்ளே அதே பக்கம். இந்த முறை மஞ்சள் முதல் வரிக்கு மட்டும்.

"அனுமதி இல்லாம ஏத்துனேன்னு போட்டுருக்குது கண்ணு. தொணைக்கு ஒரு ஆள வெச்சுக்கலாமுன்னு சொன்னாங்க. எனக்கு இந்தப் பொட்டி கிட்டியெல்லாம் புரியாது. நீ வந்து என்ர பக்கத்துல உக்காருவியா?"

மேனேஜரின் சிரிப்பு கண்முன் வந்தது. அந்த அறை, கழுத்தில் விழும் காற்று, இனி என்மேல் எப்போதும் இருக்கப்போகும் அவர்களுடைய கண். அந்தக் கேள்வியை நான் பார்க்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது, அதே வாயால் இவருக்காக என்ன பேசுவேன்? அவர் பார்த்தது தவறு, ஆனால் பார்த்தது உண்மை என்று சொல்லலாம். அதை ஏற்றுக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை, அவருடைய விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.

"வாரேனுங்கண்ணா" என்றேன்.

அவர் போகாமல் நின்றார். உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இது என்ர கேள்விக்குத்தானே கண்ணு?"